பார்ட்னருக்கு எழுதிய சமரசக் கடிதத்தைத் திருத்துவது எப்படி?

மார்த்தாண்டத்தில் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. கணக்கோடு கடிதங்களும் வரும். பார்ட்னருக்கு அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தாருங்கள் என்று நீட்டுவார்கள். பெரும்பாலும் முதல் கடிதம் சண்டைக் கடிதமாகத்தான் இருக்கும், மேலே ‘சமரசம்’ என்று எழுதியிருந்தாலும். அப்படி வந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை எப்படித் திருத்தினோம் என்று வரிவரியாகச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி ஊரையும் சில தொகைகளையும் மாற்றியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். குலசேகரம் பக்கம் இரண்டு பேர் சேர்ந்து ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை நடத்துகிறார்கள். சம பங்கு. ஒப்பந்தம் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதியது, கடையைக் கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்யவில்லை. ஜூலையில் 1,500 கிலோ ஷீட் ஒரு லோடாக வெளியூர் டீலருக்குப் போனது. கிலோ 180 ரூபாய் என்று 2,70,000-க்கு பில். பணம் மூத்தவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு வந்தது. அவர் இளையவருக்கு 85,000 அனுப்பினார். இளையவர் எழுதிய முதல் கடிதம் இப்படி இருந்தது:

“ஐயா, நமது கடையில் ஜூலை மாதம் விற்ற ஷீட்டுக்கு வந்த 2,70,000 ரூபாயை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கிக்கொண்டு எனக்கு 85,000 மட்டும் தந்து, மீதி 50,000-ஐ ஏமாற்றிவிட்டீர்கள். பலமுறை கேட்டும் மழுப்புகிறீர்கள். பத்து வருடம் அண்ணன் என்று நம்பியதற்கு இதுதான் பலன். ஏழு நாளுக்குள் தராவிட்டால் ஜிஎஸ்டி ஆபீசிலும் போலீசிலும் புகார் கொடுப்பேன். இல்லையென்றால் எங்கள் சபைப் போதகரை நடுவராக வைத்துப் பேசலாம். அவர் சொல்லும் முடிவுக்கு இருவரும் கட்டுப்பட வேண்டும்.”

கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் இந்தக் கடிதம் போனால் பேச்சுவார்த்தை நடக்காது. பதில் வந்தால் வக்கீலிடமிருந்துதான் வரும்.

முதலில் தொகையைச் சரிபாருங்கள்

வார்த்தையைத் திருத்துவதற்கு முன் எண்ணைத் திருத்த வேண்டும். 2,70,000 என்பது பில் தொகை, கைக்கு வந்த தொகை இல்லை. மழைக்காலத்தில் ஷீட் சரியாகக் காயாது. புகைபோட்டது பத்தாமல் ஈரமும் பூஞ்சையும் நிற்கும். டீலர் இறக்கிப் பார்த்துவிட்டுத் தரத்தைக் குறைப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்த லோடில் கிலோவுக்கு 8 ரூபாய் குறைத்ததாக மூத்தவர் போனில் சொல்லியிருக்கிறார். அது 12,000. லாரி வாடகை 8,000. அதற்கான ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பியும் இருக்கிறார். இளையவர் அதைப் பார்த்துவிட்டு, கோபத்தில் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்.

லாரி வாடகையில் தகராறு இல்லை என்றால் அதைக் கழித்துவிட வேண்டும். இளையவர் பங்கு 4,000. ஆக 50,000 என்பது 46,000 ஆனது. இதில் 6,000 தரக்குறைப்பில் பாதி, அதற்கு டீலர் கொடுத்த சீட்டை இவர் இன்னும் பார்க்கவில்லை. மீதி 40,000 எங்கே போனது?

அதைக் கேட்டபோது இளையவர் கொஞ்சம் தயங்கினார். அப்புறம்தான் சொன்னார். ஜனவரியில் சரக்கு வாங்கக் காசு இல்லாமல் போனபோது மூத்தவர் கையிலிருந்து 80,000 கடையில் போட்டிருக்கிறார். அதைத்தான் இப்போது முதலில் எடுத்துக்கொண்டாராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பில் 2,70,000-இல் 20,000 கழிந்தால் 2,50,000. அதில் 80,000 போனால் 1,70,000. பாதி 85,000. மூத்தவர் அனுப்பியது சரியாக அந்தத் தொகைதான்.

ஆக அவர் ஒரு கணக்கின்படிதான் அனுப்பியிருக்கிறார். இளையவருடைய வாதம், அந்த 80,000-ஐ மார்ச்சில் கடைக் கணக்கிலிருந்து மூத்தவர் எடுத்துவிட்டார், இப்போது இரண்டாம் தடவை எடுக்கிறார் என்பது. இருக்கலாம். ஆனால் முதல் கடிதத்தில் 80,000 பற்றி ஒரு சொல்கூட இல்லை. மூத்தவர் அதைப் படித்தால், “ஆபத்துக்குப் போட்ட காசை மறந்துட்டு என்னைத் திருடன்னு எழுதுறான் பாரு” என்றுதான் நினைப்பார். அதற்குமேல் யாரை நடுவில் வைத்தாலும் அவர் வரமாட்டார்.

மூத்தவர் வாதத்துக்குச் சட்டத்திலும் இடம் உண்டு என்பதை இளையவருக்குச் சொன்னேன். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், பார்ட்னர் ஒருவர் பேசிய மூலதனத்துக்கு மேல் தொழிலுக்காகப் போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டி கேட்கலாம் என்று 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டமே சொல்கிறது. அதே சட்டம் கடைக் கணக்கைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் ஒவ்வொரு பார்ட்னருக்கும் உரிமை தருகிறது. இரண்டாவது விஷயம் நமக்கு உதவும்.

எதை வெட்டுவது

‘ஏமாற்றிவிட்டீர்கள்’, ‘மழுப்புகிறீர்கள்’ இரண்டும் போக வேண்டும். நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை. அந்தச் சொற்களுக்குப் பதில் சொல்லப் போனால் அவர் கணக்குக்கே வரமாட்டார். ‘பத்து வருடம் அண்ணன் என்று நம்பியதற்கு’ என்ற வரியை எடுக்க இளையவருக்கு மனசே வரவில்லை. உறவைச் சொல்லிக் காட்டுவதைவிட, கடிதத்தை ‘அண்ணன்’ என்று தொடங்குங்கள், அது போதும் என்றேன். கடையில் ‘அண்ணே’ என்று கூப்பிடுகிறவர் கடிதத்தில் ‘ஐயா’ என்று எழுதினாலே ஏதோ முறிந்துவிட்டது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது மிரட்டல். பணம் தராவிட்டால் புகார் செய்வேன் என்று எழுத்தில் கொடுப்பது எழுதியவர் மீதே திரும்பும். ஜிஎஸ்டியில் ஏதாவது குறை இருந்தால் அது கடைக்கு வரும் குறை, கடையில் பாதி இவருடையது. பங்குத் தகராறு சிவில் விஷயம். புகாருக்கு உண்மையில் காரணம் இருந்தால் அதைத் தனியாகச் செய்யுங்கள், பேரத்துக்கு வைக்காதீர்கள். ஏழு நாள் கெடுவும் வேண்டாம். அதற்குப் பதில் ஒரு தேதிக்குள் பதில் சொல்லும்படி கேட்கலாம். பணத்துக்குக் கெடு வைப்பதும் பதிலுக்குத் தேதி கேட்பதும் ஒன்றல்ல.

‘நடுவர்’ என்ற சொல்லில் இருக்கும் சிக்கல்

புதிதாக எழுதுகிறவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்வது இங்கேதான். பேச்சு வழக்கில் நடுவர், மத்தியஸ்தர், பஞ்சாயத்துக்காரர் எல்லாம் ஒன்றுதான். எழுத்தில் அப்படி இல்லை. ‘அவர் சொல்லும் முடிவுக்கு இருவரும் கட்டுப்பட வேண்டும்’ என்று நீங்கள் எழுதி, அவர் ‘சம்மதம்’ என்று பதில் எழுதிவிட்டால், அது நடுவர் தீர்ப்பாய ஒப்பந்தம் என்று வாதிட வழி பிறக்கும். 1996-ஆம் ஆண்டின் நடுவர் சட்டப்படி, கடிதப் போக்குவரத்திலேயே அந்த ஒப்பந்தம் உருவாகலாம். அப்புறம் நடுவர் சொன்ன முடிவு பிடிக்கவில்லை என்று நீதிமன்றம் போனாலும், கணக்கை முதலிலிருந்து கேட்கமாட்டார்கள். அதை ரத்து செய்யச் சட்டம் வைத்திருக்கும் காரணங்கள் மிகக் குறைவு.

நமக்கு வேண்டியது சமரசம். 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் சமரசத்துக்குத் தரும் விளக்கத்திலேயே, இருவர் மீதும் முடிவைத் திணிக்கும் அதிகாரம் மூன்றாமவருக்கு இல்லை என்று இருக்கிறது. ஆகவே கடிதத்தில் ‘சமரசர்’ அல்லது ‘மத்தியஸ்தர்’ என்று எழுதி, பக்கத்திலேயே ஒரு வரி சேருங்கள்: “அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நாம் இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் முடிவு.” இந்த வரி எதிர்த்தரப்புக்கும் பயத்தைக் குறைக்கும். வந்து உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வோமோ என்ற எண்ணத்தில்தான் பலர் வராமலே இருக்கிறார்கள்.

யாரைச் சொல்வது

நம் மாவட்டத்தில் பணத் தகராறு என்றால் முதலில் நினைவுக்கு வருகிறவர்கள் சபைப் போதகர், பங்குத்தந்தை, கோவில் கமிட்டித் தலைவர், ஜமாத் பெரியவர், வியாபாரிகள் சங்கத்துக்காரர். அவர்கள் நல்லவர்களா என்பதல்ல கேள்வி. இவர் சபைப் போதகரைச் சொல்கிறார், மூத்தவர் தன் ஊர்க் கோவில் கமிட்டியில் இருக்கிறவர். போதகர் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும், ‘அவன் ஆள்’ என்ற எண்ணம் போகாது. இருவருக்கும் ஒரே சபை என்றால் வேறு கதை, ஆனால் அப்போதும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவரா என்று பாருங்கள்.

கடைக் கணக்கு எழுதும் ஆடிட்டரையும் சொல்லாதீர்கள். எல்லாம் தெரிந்தவர் என்று தோன்றும். ஆனால் மார்ச்சில் எடுத்த பணத்தை எந்தத் தலைப்பில் எழுதினார் என்பதே தகராறு. தான் எழுதியதையே அவர் எடைபோட முடியாது. என்னையும் கேட்டார்கள். ஒரு பக்கக் கடிதத்தைத் திருத்திய கையோடு நடுவில் போய் உட்கார்வது முறையில்லை.

நாங்கள் மூன்று வழி வைத்தோம். ஒன்று, தக்கலையில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். இரண்டு, அருமனையில் முன்பு ஷீட் வியாபாரம் செய்து இப்போது விட்டுவிட்ட பெரியவர். மழைக்கால ஷீட்டில் கிலோவுக்கு 8 ரூபாய் குறைவது உண்டா இல்லையா என்று அவருக்குத் தெரியும். மூன்று, நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடாமலே அங்கே மனு கொடுத்துப் பேச்சுவார்த்தை கேட்கலாம். மூன்றில் எதையும் எடுக்கலாம், அல்லது நீங்கள் வேறு பெயர் சொல்லலாம் என்று எழுதினோம். தேர்வு அவர் கையில் இருக்கும்போது அது ‘அவன் ஆள்’ ஆகாது.

பெயரை எழுதும் முன் அந்த நபரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஆனால் ‘வருவீர்களா’ என்று மட்டும். கதையைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு பக்கக் கதையை முதலில் கேட்டுவிட்டவர் மறுநாளே பொதுவானவர் இல்லை. அவரோடு உங்களுக்கு இருக்கும் பழக்கத்தையும் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் சந்தேகமாக மாறும்.

திருத்திய கடிதம்

“அன்புள்ள அண்ணனுக்கு,

ஜூலை லோடு பணத்தில் நமக்குள் கணக்கு ஒத்துவரவில்லை. போனில் பேசினால் வார்த்தை தடித்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

பில் 2,70,000. லாரி வாடகை 8,000-க்கு ரசீது பார்த்தேன், அதில் எனக்கு மறுப்பு இல்லை. தரக்குறைப்பு 12,000 என்று சொன்னீர்கள், டீலர் சீட்டு பார்த்தால் அதுவும் முடிந்துவிடும். ஜனவரியில் நீங்கள் 80,000 கடையில் போட்டது உண்மை. அது இன்னும் திரும்பவில்லை என்பது உங்கள் கணக்கு. மார்ச்சில் திரும்பிவிட்டது என்பது என் கணக்கு. நம் தகராறு பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான்.

இதை நாம் இருவரும் மட்டும் பேசித் தீர்க்க முடியவில்லை. பொதுவான ஒருவரை வைத்து உட்காரலாம். தக்கலையில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், எனக்கு ஒருமுறை கடன் விஷயத்தில் பழக்கம், அவ்வளவுதான். அல்லது அருமனையில் முன்பு ஷீட் வியாபாரம் செய்த பெரியவர், அவரை நம் இருவருக்கும் தெரியும். அல்லது நாகர்கோவில் சட்டப் பணிகள் ஆணைக்குழு. இவற்றில் ஒன்றைச் சொல்லுங்கள், இல்லையென்றால் நீங்கள் நினைக்கும் பெயரைச் சொல்லுங்கள். வருகிறவர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நாம் இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் முடிவு. செலவு ஏதும் இருந்தால் பாதிப் பாதி.

நான் கடை ரொக்கப் புத்தகமும் மார்ச் மாத வங்கிக் கணக்குத் தாளும் கொண்டுவருகிறேன். டீலர் சீட்டும், பணம் வந்த கணக்கின் ஜூலைத் தாளும் நீங்கள் கொண்டுவந்தால் ஒரே உட்காரலில் பார்த்துவிடலாம். கடை அன்றும் வழக்கம்போல் நடக்கட்டும்.

இந்தக் கடிதம் சமரசப் பேச்சுக்காக மட்டும். பேச்சு முறிந்தால் இதை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்டுவதில்லை என்ற நிபந்தனையோடு எழுதுகிறேன். இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் ஒரு பதில் சொல்லுங்கள்.”

‘ஏமாற்றிவிட்டீர்கள்’ இல்லை, 46,000 என்ற எண்கூட இல்லை. தொகையைக் கடிதத்தில் கேட்காதீர்கள் என்று நான்தான் சொன்னேன். தொகை வந்தால் அது கோரிக்கைக் கடிதம். நாம் கேட்பது ஒரு உட்காரல்.

‘ஜனவரியில் நீங்கள் போட்டது உண்மை’ என்ற வரி தெரிந்தே எழுதியது. அதில் இளையவருக்குச் சந்தேகம் இல்லை, எழுதாமல் விட்டால்தான் நஷ்டம். உங்களுக்கு நிச்சயமில்லாத எதையும் ‘நீங்கள் சொல்வது’ என்ற வகையிலேயே எழுதுங்கள். கடன் உண்டு என்று கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தால், காலவரம்புச் சட்டப்படி வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கலாம். கடைசியில் இருக்கும் சாட்சிய நிபந்தனை ஓரளவு காக்கும், ஆனால் கவனமில்லாத வரியை அதை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

அனுப்புவது

வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் யாருக்கு வேண்டுமானாலும் முன்னனுப்பிவிடலாம், மச்சானுக்கும் சகலைக்கும் போய்ச் சேரும். ஸ்பீடு போஸ்ட்டில் போட்டால் சேர்ந்ததற்குப் பதிவு இருக்கும். ஆனால் தபால்காரர் வீட்டில் கையெழுத்து வாங்கிக் கவர் கொடுத்தாலே ‘நோட்டீஸ் வந்துட்டு’ என்று வீடு கலங்கிவிடும். அதனால் முந்தின நாள் ஒரு போன்: “அண்ணே, ஒரு லெட்டர் வரும். வக்கீல் நோட்டீஸ் இல்ல, நான் எழுதினதுதான். படிச்சுட்டுச் சொல்லுங்க.” அதற்குமேல் போனில் கணக்குப் பேச வேண்டாம்.

பதில் வராவிட்டால்

சொன்ன தேதி கடந்து ஒரு வாரம் பாருங்கள். அதன்பின் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் அவர்களே இரு தரப்பையும் அழைப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். மறுதரப்பு வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது அதன் குறை. ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். பேசிக்கொண்டிருப்பதால் மட்டும் காலவரம்பு நின்றுவிடாது. பேச்சு மாதக்கணக்கில் இழுத்தால் தேதியை எண்ணிக்கொள்ளுங்கள். இன்னொன்று, பதிவு செய்யாத கூட்டு நிறுவனத்தின் பார்ட்னர் ஒப்பந்த உரிமையை வைத்து இன்னொரு பார்ட்னர் மீது வழக்குப் போட முடியாது. கடையைக் கலைக்கவோ, கலைத்த கடையின் கணக்கைக் கேட்கவோதான் வழி. இந்த இளையவருக்கு நீதிமன்றக் கதவு பாதிதான் திறந்திருந்தது, அதனால்தான் கடிதத்துக்கு இவ்வளவு பாடுபட்டோம். தொகை 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால், அவசர உத்தரவு கேட்காத வணிக வழக்குக்கு முன்பே சமரச முயற்சி கட்டாயம் என்பதையும் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்த பிறகு

இவர்களுக்கு அருமனைப் பெரியவர் கிடைத்தார். மூத்தவர் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். டீலர் சீட்டில் 12,000 சரியாக இருந்தது. மார்ச் மாதத் தாளைத் திறந்தபோது மூத்தவர் எடுத்தது 50,000 என்று தெரிந்தது. ஒருவர் முழுதாக எடுத்துவிட்டார் என்று நம்பினார், மற்றவர் எடுத்ததையே மறந்துவிட்டார். மீதி 30,000-ஐ 2,50,000-இலிருந்து கழித்தால் 2,20,000, பாதி 1,10,000. ஏற்கெனவே வந்தது 85,000. ஆக 25,000 தர வேண்டும் என்று முடிந்தது.

அன்றே தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். முதலில் ‘ஜூலை லோடு கணக்கு தீர்ந்தது’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அப்படி விட்டால் ஜனவரிப் பணம் அடுத்த லோடில் மறுபடி எழும். ‘ஜனவரியில் போட்ட 80,000-உம் மார்ச்சில் எடுத்த 50,000-உம் இதில் அடங்கும், அதற்கு வட்டியும் இல்லை’ என்று ஒரு வரி சேர்த்து, 25,000 எந்தத் தேதியில் எந்தக் கணக்குக்கு வரும் என்பதையும் எழுதிய பிறகுதான் பெரியவர் பேனாவைக் கையில் வாங்கினார்.